நாசில் கணக்கில் கடினமான பகுதி h2

கேள்வி: 10 பார், 250 °C நீராவி ஒரு நாசில் வழியாக 1 பாருக்கு விரிகிறது. வெளியேறும் வேகம் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். சீரான ஓட்ட ஆற்றல் சமன்பாட்டில் போட்டால் எனக்கு 29 மீ/வி வருகிறது. விடைப் பக்கத்தில் 927 என்று இருக்கிறது. எங்கே தவறு? உராய்வு இருந்தாலும் இதே சமன்பாடு செல்லுமா?

பதில்:

927-ஐ 29.3-ஆல் வகுத்துப் பாருங்கள். 31.6 வரும். அது 1000-இன் வர்க்கமூலம். உங்கள் விடை சரியான விடையிலிருந்து 31.6 மடங்கு விலகினால் என்தால்பியைக் கிலோஜூலிலேயே விட்டுவிட்டீர்கள் என்று பொருள். நீராவி அட்டவணை kJ/kg-இல் தருகிறது. வேகத்தின் வர்க்கம் J/kg-இல் இருக்கிறது. 1000-ஆல் பெருக்கிய பிறகே வர்க்கமூலம் எடுக்க வேண்டும். விடையைப் பார்த்தவுடனே ஐயம் வந்திருக்கவும் வேண்டும்: 29 மீ/வி என்பது மணிக்கு 105 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் கார் போகும் வேகத்தில் வரும் நீராவி ஒரு டர்பைனைச் சுழற்றிவிடாது.

அலகுப் பிழை அவ்வளவுதான். உங்கள் இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. நான் இந்தப் பாடத்தை நடத்துகிறவன். அந்தக் கேள்வியை மாணவர்கள் கேட்க வேண்டும் என்று ஆண்டுதோறும் எதிர்பார்ப்பேன்.

சீரான ஓட்ட ஆற்றல் சமன்பாட்டை நாசிலுக்கு எழுதும்போது பல உறுப்புகளை நீக்குகிறோம். ஏன் நீக்கலாம் என்பது தெரிந்திருக்க வேண்டும். நாசிலில் சுழலும் தண்டு கிடையாது, ஆகவே வேலை பூஜ்ஜியம். 10 சென்டிமீட்டர் நீள நாசிலை நீராவி ஒரு வினாடியின் சில பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் கடந்துவிடுகிறது. அதற்குள் ஒவ்வொரு கிலோவும் சுவர் வழியே இழக்கும் வெப்பம் மிகச் சொற்பம். உயர வேறுபாடு 1 மீட்டர் என்றாலும் கிலோவுக்கு 9.8 ஜூல்தான். h என்தால்பி, V வேகம், 1 உள்ளே, 2 வெளியே என்று வைத்தால் எஞ்சுவது இது:

```
h1 + V1²/2 = h2 + V2²/2
V2 = √( 2(h1 − h2) + V1² )
```

இதில் V1-ஐயும் பெரும்பாலும் விட்டுவிடலாம், ஆனால் சரிபார்த்துவிட்டு விடுங்கள். உள்ளே வரும் வேகம் 50 மீ/வி என்றால் V1²/2 = 1250 ஜூல், அதாவது 1.25 கிலோஜூல். கீழே வரப்போகும் என்தால்பி வீழ்ச்சி 429 கிலோஜூல். உள் வேகத்தைச் சேர்த்தால் விடை ஏறத்தாழ 1 மீ/வி மட்டுமே கூடும்.

இந்தச் சமன்பாடு தரும் தகவல் எவ்வளவு குறைவு என்று கவனித்தீர்களா? h2 தெரிந்தால் V2 கிடைக்கும். h2 எவ்வளவு என்று அது சொல்லாது. வெளியே அழுத்தம் 1 பார் என்பது மட்டும் தெரிந்தால் போதாது. 1 பாரில் நீராவி பல நிலைகளில் இருக்கலாம். இன்னொரு நிபந்தனை வேண்டும். அதை இரண்டாம் விதியிலிருந்து கொண்டுவருகிறோம்: வெப்பப் பரிமாற்றமும் உராய்வும் இல்லையென்றால் என்ட்ரோபி மாறாது. பாடப் புத்தகங்கள் இந்த ஓர் அடியை வேகமாகத் தாண்டிவிடுகின்றன. அதனால்தான் ஆற்றல் சமன்பாடும் என்ட்ரோபி நிபந்தனையும் ஒன்றுதான் என்ற எண்ணம் மாணவர்களுக்கு வந்துவிடுகிறது.

இப்போது அட்டவணையைத் திறப்போம். 10 பார், 250 °C-இல் h1 = 2942.6, s1 = 6.9247. 1 பார் வரிசையில் தெவிட்டிய நீராவியின் என்ட்ரோபி sg = 7.3594. நம்முடைய 6.9247 அதைவிடக் குறைவு. எனவே வெளியேறும்போது நீராவி ஈரமாகிவிட்டது, நீர்த்துளிகள் கலந்திருக்கின்றன. கலவையில் நீராவியின் பங்கைச் சொல்லும் உலர்வு விகிதம் x2-ஐக் கண்டுபிடிக்க வேண்டும்:

```
x2 = (6.9247 − 1.3026) / 6.0568 = 0.928
h2 = 417.5 + 0.928 × 2258.0 ≈ 2513.4 kJ/kg
h1 − h2 = 429.2 kJ/kg = 429200 J/kg
V2 = √(2 × 429200) ≈ 926.5 m/s
```

சிலர் அட்டவணையைத் தவிர்க்க நினைத்து, நீராவிக்கு cp ஏறத்தாழ 2 kJ/kg·K என்று எடுத்து cp(T1 − T2) போடுவார்கள். வெப்பநிலை 250-இலிருந்து 99.6 °C-க்கு இறங்குகிறது. அப்படிப் போட்டால் வீழ்ச்சி 301 கிலோஜூல், வேகம் 776 மீ/வி. கிடைக்க வேண்டியதைவிட 150 குறைவு. காரணம், நீராவியின் ஒரு பகுதி நீராகும்போது வெளிவிடும் உள்ளுறை வெப்பமும் இயக்க ஆற்றலாகிறது. அதை cp கணக்கில் எடுப்பதே இல்லை. ஆகவே நீராவிக்கு அட்டவணை அல்லது மோலியர் வரைபடம்தான் வழி. காற்றுக்கு மட்டும் cp போதும்.

இனி உராய்வு. ஆற்றல் சமன்பாடு உராய்வு இருந்தாலும் அப்படியே செல்லும், ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை. உராய்வு ஆற்றலை அழிப்பதில்லை. இயக்க ஆற்றலின் ஒரு பகுதியை மீண்டும் என்தால்பியாக நீராவிக்குள்ளேயே திருப்பிவிடுகிறது. மாறுவது h2-இன் மதிப்பு. ‘என்ட்ரோபி மாறாது’ என்ற நிபந்தனைதான் உடைகிறது. நாசில் திறன் 90 விழுக்காடு என்று கொடுத்தால், உண்மையான வீழ்ச்சி 429.2-இல் 90 விழுக்காடு, அதாவது 386.3 கிலோஜூல். வேகம் 879 மீ/வி. ஆற்றலில் 10 விழுக்காடு போனாலும் வேகத்தில் 5 விழுக்காடுதான் குறைந்தது, வர்க்கமூலம் இருப்பதால். உண்மையான h2 இப்போது 2556.3, உலர்வு விகிதம் 0.947. உராய்வு நீராவியைச் சற்று உலர வைத்திருக்கிறது. தேர்வில் திறனை நேரடியாக வேகத்தோடு பெருக்கி 834 என்று எழுதும் விடைத்தாள்களை அடிக்கடி பார்க்கிறேன். திறன் என்தால்பி வீழ்ச்சிக்கு உரியது. வேகத்தோடு பெருக்க வேண்டியது திறனின் வர்க்கமூலம்.

சமன்பாட்டுக்குத் தெரியாத இன்னொன்று நாசிலின் வடிவம். 10 பாரிலிருந்து 1 பாருக்கு எந்த நாசிலும் விரிக்கும் என்று அது கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும். உண்மையில் அப்படி இல்லை. வினாடிக்கு 1 கிலோ நீராவி போவதாக வைத்து, ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு பரப்பு வேண்டும் என்று தன்பருமனை வேகத்தால் வகுத்துப் பார்ப்போம். 50 மீ/வி-இல் உள்ளே நுழையும்போது 46.5 சதுர சென்டிமீட்டர். அழுத்தம் 5.46 பாருக்கு இறங்கும்போது, வேகம் ஏறத்தாழ 513 மீ/வி, தேவைப்படும் பரப்பு 7.2 சதுர சென்டிமீட்டர். இறுதியில் 1 பாரில், 926 மீ/வி-இல், 17 சதுர சென்டிமீட்டர். வேகம் கூடிக்கொண்டே போகிறது, ஆனாலும் பரப்பு குறைந்து மறுபடி விரிகிறது. நாசிலின் மிகக் குறுகிய இடமான கழுத்தைத் தாண்டிய பிறகு நீராவியின் பருமன் வேகத்தைவிட விரைவாகப் பெருகுவதுதான் காரணம்.

ஆகவே உங்கள் நாசில் குவியும் வகை மட்டும் என்றால் 927 என்ற விடை தவறு. அதன் வாயில் அழுத்தம் 5.46 பாருக்குக் கீழே இறங்காது, வேகம் 513-ஐத் தாண்டாது. மீதி விரிவு நாசிலுக்கு வெளியே, அதிர்வலைகளுக்கு நடுவே, ஒழுங்கின்றி நடந்து முடியும். மீவெப்ப நீராவிக்கு இந்த எல்லை உள் அழுத்தத்தின் 0.546 மடங்கு, காற்றுக்கு 0.528 மடங்கு. கணக்கில் அழுத்தங்களைப் படித்தவுடன் முதலில் இந்த விகிதத்தைப் பாருங்கள். வெளி அழுத்தம் அதற்குக் கீழே இருந்தால், கேள்வியில் நாசில் குவிந்து விரியும் வகை என்று சொல்லியிருக்கிறார்களா என்று தேடுங்கள்.

காற்றில் இதை இன்னும் எளிதாகக் காணலாம். பட்டறையில் கம்ப்ரஸர் குழாயின் முனையில் உள்ள குவியும் நாசிலை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே 7 பார், 300 கெல்வின். வாயில் வெப்பநிலை 250 கெல்வினுக்கு இறங்குகிறது, அதாவது −23 °C. 2 × 1005 × 50 = 100500; அதன் வர்க்கமூலம் 317 மீ/வி. 250 கெல்வினில் ஒலியின் வேகமும் அதே 317. அழுத்தத்தை 10 பாருக்கு ஏற்றினாலும், வெப்பநிலை மாறாவிட்டால், வாயில் வேகம் 317-தான். கூடுவது காற்றின் அடர்த்தியும் வெளியேறும் அளவும். இன்னும் ஓர் உச்சவரம்பு உண்டு: முழு வெற்றிடத்துக்கு, எவ்வளவு சிறந்த நாசில் வழியாக விரித்தாலும், 300 கெல்வின் காற்று √(2 × 1005 × 300) = 776 மீ/வி-ஐத் தாண்ட முடியாது. காற்றுக் கணக்கில் V1 சிறியதாக இருந்து, விடை √(2 cp T1)-ஐவிடப் பெரிதாக வந்தால், எங்கோ பிழை இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம்.

அந்த 926 மீ/வி டர்பைனில் என்ன செய்கிறது என்பதையும் பாருங்கள். குவிந்து விரியும் நாசிலை 1880-களின் இறுதியில் சுவீடனின் குஸ்தாவ் டி லாவால் தம் நீராவி டர்பைனில் பயன்படுத்தினார். இத்தகைய டர்பைனில் தகடுகள் தாரையின் ஏறத்தாழ பாதி வேகத்தில் ஓடினால்தான் ஆற்றலை நன்கு உறிஞ்சும். பாதி என்றால் 463 மீ/வி. 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்துக்கு அது நிமிடத்துக்குச் சுமார் 29,500 சுற்றுகள். டி லாவாலின் இயந்திரங்களும் 30,000 சுற்றுகளை எட்டின, பற்சக்கரங்கள் வைத்து வேகத்தைக் குறைத்துத்தான் பயன்படுத்த முடிந்தது. பின்னால் வந்தவர்கள் விரிவைப் பல படிகளாகப் பிரித்தார்கள். 429 கிலோஜூலை நான்கு சம வீழ்ச்சிகளாகப் பிரித்தால் ஒவ்வொரு நாசிலிலும் வேகம் சரிபாதியாகி 463 மீ/வி ஆகிறது, சக்கரத்தின் சுற்றும் பாதியாகிறது. உங்கள் புத்தகத்தில் அடுத்த பாடமாகப் பலபடி டர்பைன் வந்தால், அங்கேயும் ஒவ்வொரு படியின் h2-ஐத்தான் முதலில் தேட வேண்டியிருக்கும்.