எம்.டி.யின் ஈ.ஏ.வுக்கு என்ன எழுதுவது?

"பம்ப் கம்பெனி ஒன்றில் 9 வருடமாக சர்வீஸ் பிரிவில் இருக்கிறேன். சென்னையில் ஒரு பெரிய கம்பெனி, தென்மண்டல சர்வீஸ் மேனேஜர் வேலை காலி என்று வெப்சைட்டில் போட்டிருந்தது. விண்ணப்பித்து 3 வாரம் ஆகிறது, பதிலே இல்லை. எம்.டி.யின் ஈ.ஏ.வுக்கு, அதாவது அவருடைய எக்ஸிக்யூட்டிவ் அசிஸ்டெண்டுக்கு, எழுதினால் தப்பாக நினைப்பார்களா? என்ன எழுதுவது?"
– வாசகர், கோயம்புத்தூர்

எழுதலாம். ஆனால் "இதை எம்.டி.யிடம் சேர்த்துவிடுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். 14 வருடம் ஒரு எம்.டி.யின் அறை வாசலில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் நான். மண்டல மேனேஜரை எம்.டி. தேர்ந்தெடுப்பதில்லை. அப்படி ஒரு மெயிலை உள்ளே கொண்டுபோனால் திட்டு எனக்குத்தான் விழும். அதே ஆள் "இந்த வேலைக்கு ஆள் எடுப்பவர் யார்?" என்று கேட்டிருந்தால், உடனே அவருக்கு ஃபார்வர்ட் செய்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பேன். எந்தப் பதவி யாருக்குக் கீழே வருகிறது, அவர் ஊரில் இருக்கிறாரா, டூரில் இருக்கிறாரா என்பதெல்லாம் ஈ.ஏ.வுக்கு அத்துபடி.

முதலில் சரியான ஆளைப் பிடியுங்கள். ஆண்டறிக்கையில் 'கம்பெனி செக்ரட்டரி' என்று பெயரும் மெயிலும் இருப்பதைப் பார்த்து, அவர்தான் எம்.டி.யின் செயலாளர் என்று நினைத்துப் பலர் எழுதிவிடுகிறார்கள். அது கம்பெனி சட்டப்படியான தனிப் பதவி. பங்குதாரர் விவகாரம், போர்டு தீர்மானம் எல்லாம் பார்ப்பவர் அவர். ஈ.ஏ. வேறு. கம்பெனியின் பொது எண்ணுக்கு போன் போட்டு, "எம்.டி. ஆபீஸுக்கு ஒரு மெயில் அனுப்பணும், அவருடைய ஈ.ஏ. பெயரும் மெயில் ஐடியும் சொல்ல முடியுமா?" என்று கேளுங்கள். பெயர் மட்டும் கிடைத்தாலும் நல்லது. அந்தப் பெயரைச் சொல்லி மறுபடி கூப்பிட்டால் லைனை அவருக்கே கொடுத்துவிடுவார்கள்.

மெயிலை இரண்டு தட்டாக எழுதுங்கள். மேல் தட்டு ஈ.ஏ.வுக்கு, கீழ்த் தட்டு அவர் யாருக்கு ஃபார்வர்ட் செய்யப்போகிறாரோ அவருக்கு. தலைப்பில் பதவியும் விளம்பரத்தில் உள்ள வேலை எண்ணும் இருக்கட்டும். மெயில் எந்த மொழியில் போனாலும் சரக்கு இதுதான்:

"வணக்கம் மேடம். தென்மண்டல சர்வீஸ் மேனேஜர் வேலைக்கு உங்கள் வெப்சைட்டில் 3 வாரம் முன்பு விண்ணப்பித்தேன். இதற்கு ஆள் எடுக்கும் பொறுப்பு யாருடையது என்று சொல்ல முடியுமா? அல்லது இந்த மெயிலை அவருக்கு அனுப்பிவிட்டாலும் போதும். எம்.டி.யின் நேரம் தேவையில்லை.

என்னைப் பற்றி: பம்ப் சர்வீஸில் 9 வருடம். இப்போது 3 மாவட்டங்களில் 11 டெக்னீஷியன்களைப் பார்த்துக்கொள்கிறேன். புகார் வந்து ஆள் போய்ச் சேர 4 நாள் ஆனதை ஒன்றரை நாளாகக் குறைத்தோம். பயோடேட்டா இணைத்திருக்கிறேன்."

கீழே போன் நம்பர், அவ்வளவுதான். (11, 4 என்பதெல்லாம் நான் போட்ட எண்கள். உங்கள் கணக்கை எழுதுங்கள்.) "எம்.டி.யின் நேரம் தேவையில்லை" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். அந்த நாற்காலியில் இருப்பவருக்கு முக்கால்வாசி தலைவலி அங்கேயே தீர்ந்துவிடும். பயோடேட்டாவை ஒரே பி.டி.எஃப்.பாக இணையுங்கள். டிரைவ் லிங்க் கொடுத்தால், திறக்க அனுமதி கேட்டு நிற்கும்.

பொய் வேண்டாம். "சார் ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது எழுதச் சொன்னார்" என்று ஒருவர் தேதியோடு எழுதியிருந்தார். அந்த வாரம் முழுக்க எங்கள் சார் வெளிநாட்டில். டிக்கெட் போட்டதே நான்தான்.

அனுப்பும் வாரத்தையும் கொஞ்சம் பாருங்கள். பங்குச்சந்தையில் உள்ள கம்பெனி என்றால், காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் கணக்கு வெளியிட வேண்டும். மார்ச்சில் முடியும் ஆண்டுக் கணக்குக்கு 60 நாள். அதற்கான போர்டு மீட்டிங் தேதி பங்குச்சந்தை வெப்சைட்டில் முன்கூட்டியே வந்துவிடும். அந்த வாரத்தில் ஈ.ஏ.வுக்குச் சாப்பிடவே நேரமிருக்காது. மீட்டிங் முடிந்து 2 நாள் விட்டு அனுப்புங்கள்.

"வெப்சைட்டில் விண்ணப்பியுங்கள்" என்று மட்டும் பதில் வந்தால், ஏற்கெனவே விண்ணப்பித்தவருக்கு அந்தக் கதவு மூடியாகிவிட்டது என்று அர்த்தம். நன்றி சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். பதிலே வராவிட்டால் ஒரு வாரம் கழித்து அதே மெயிலுக்குக் கீழேயே இரண்டு வரி, ஒரே ஒரு தடவை. "இன்னாருக்கு அனுப்பியிருக்கிறேன்" என்று அவரையும் சி.சி.யில் போட்டுப் பதில் வந்தால் அன்றைக்கே எழுதுங்கள். ஈ.ஏ.வுக்கு முதல் வரியில் நன்றி சொல்லி, அவரை பி.சி.சி.க்கு நகர்த்திவிட்டு, மீதியை அந்த ஆளிடம் பேசுங்கள். இன்டர்வியூ தேதி மாற்றும் மெயிலெல்லாம் ஈ.ஏ.வின் பெட்டியில் போய் விழக்கூடாது.