ஷாம்பெயின் மலிவு, பிங்க் கொள்ளை விலை: ஏன்?

கேள்வி: வெள்ளை வைரத்தில் நிறம் ஏற ஏற விலை இறங்கும் என்கிறார்கள். அப்புறம் பிங்க் வைரம் மட்டும் ஏன் இத்தனை விலை? ஷாம்பெயினும் நிறமுள்ள வைரம்தானே, அது ஏன் மலிவு?

வைரம் தரம் பிரிக்கும் வேலையில் இருக்கிறேன். போன மாதம் ஒரு அம்மா மோதிரம் கொண்டுவந்தார். பில்லில் ‘பிங்க் ஷாம்பெயின்’ என்று இருந்தது. விலையும் பிங்க் விலை. கூடவே வைத்திருந்த ஆய்வகச் சான்றிதழிலோ ‘ஃபேன்ஸி பிங்கிஷ் பிரவுன்’ என்று இருந்தது. உங்கள் கேள்விக்கான விடை அந்தக் கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது.

வெள்ளைக் கல்லை, நிறமே இல்லாத டி முதல் நிறம் தெரியும் இசட் வரை தரம் பிரிக்கும்போது கல்லைக் கவிழ்த்து வைத்து, அடிப்பக்கம் வழியாகப் பார்ப்போம். மேலிருந்து பார்த்தால் மின்னும் ஒளி, லேசான மஞ்சளையும் பழுப்பையும் மறைத்துவிடும். அங்கே நிறம் ஒரு குறை, அதைத் தேடிப் பிடிக்கிறோம். ஃபேன்ஸி எனப்படும் நிறக் கல்லுக்கு நேர்மாறு: நிமிர்த்தி வைத்து, முகத்தில் தெரியும் நிறத்தைத்தான் பார்ப்போம். லைட், ஃபேன்ஸி, இன்டென்ஸ், விவிட் என்று அடர்த்தி கூடக் கூட விலையும் கூடும். பிங்க் அந்த டி–இசட் வரிசைக்குள்ளேயே வராது. மெல்லிய சாயல் தெரிந்தாலே தனிக் கணக்கு.

பெயரில் கடைசியாக வருவதுதான் முதன்மை நிறம். ‘பிரவுனிஷ் பிங்க்’ என்றால் பிங்க் கல், பழுப்பு கலந்தது. ‘பிங்கிஷ் பிரவுன்’ என்றால் பழுப்புக் கல். சொற்கள் இடம் மாறினால் விலை தலைகீழாகிவிடும். ஷாம்பெயின் என்பது வியாபாரப் பெயர்தான். சான்றிதழில் அது பழுப்பு.

இத்தனைக்கும் இரண்டு நிறமும் பெரும்பாலும் பூமிக்குள் அழுத்தத்தால் படிக அமைப்பு வளைந்து நெளிவதால் வருபவைதான். ஆஸ்திரேலியாவின் ஆர்கைல் சுரங்கத்தில் இரண்டும் சேர்ந்தே கிடைத்தன. ஆனால் பழுப்பு மலைபோல் வந்தது, பிங்க் துளித்துளியாகத்தான். பழுப்புக்கு ஷாம்பெயின், கோன்யாக் என்று பெயர் சூட்டிச் சந்தைப்படுத்தியதும் அந்தச் சுரங்கம்தான். உலகின் பிங்க் கற்களில் 90 சதவீதத்துக்கு மேல் தந்துவந்த அது 2020 நவம்பரில் மூடப்பட்டது.

வெள்ளைக் கல்லுக்கு ராபபோர்ட் விலைப்பட்டியல் இருக்கிறது, பேரம் அங்கிருந்து தொடங்கும். பிங்குக்கு அப்படிக் கிடையாது. கல்லைக் கல்லாகப் பார்த்துத்தான் விலை. 2022 அக்டோபரில் ஹாங்காங் ஏலத்தில் 11.15 கேரட் விவிட் பிங்க் ஒன்று சுமார் 5.77 கோடி டாலருக்குப் போனது. தெளிவு குறைந்த பிங்க் கல்கூட நிறம் நன்றாக இருந்தால் நல்ல விலைக்குப் போகும். வெள்ளைக் கல்லுக்கு அந்தச் சலுகை இல்லை.

அந்த அம்மாவிடம் கல்லை வெள்ளைத் தாளில் நிமிர்த்தி வைத்துக் காட்டினேன். கடை விளக்கில் ரோஜாவாகத் தெரிந்தது, ஜன்னல் வெளிச்சத்தில் டீ நிறத்துக்கு வந்துவிட்டது. நல்ல கல்தான், பழுப்பு விலைக்கு வாங்கியிருந்தால். நீங்கள் வாங்கும்போது சான்றிதழில் நிறத்தின் மூலம் ‘இயற்கை’ என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கதிர்வீச்சும் சூடும் கொடுத்து பிங்க் ஆக்கிய கற்களும் சந்தையில் இருக்கின்றன.