அப்பாவின் போனும் பேஸ்புக்கும்: கடைக்காரரிடம் கொடுக்கும் முன்

"அப்பா போன மாதம் தவறிட்டார். போன் லொக் ஆகிக் கிடக்கு, தங்கச்சி கல்யாணப் படமெல்லாம் அதுலதான். அவரோட பேஸ்புக்கையும் மூடணும். ஹட்டன் டவுனில் ஒருத்தர் 15,000 ரூபா தந்தா எல்லாத்தையும் திறந்து தாறேன்னு சொல்றார். கொடுக்கலாமா?" (டிக்கோயாவிலிருந்து ஒரு மகன்)

காசையும் கொடுக்காதீர்கள் தம்பி, போனையும் கொடுக்காதீர்கள். பின் நம்பர் தெரியாத அன்ரொய்ட் போனைத் திறந்து தருகிறேன் என்று இவர்கள் சொல்வது பெரும்பாலும் பிளாஷ் அடிப்பதைத்தான். போன் வேலை செய்யும், ஆனால் கல்யாணப் படத்தோடு சேர்த்து உள்ளே இருந்த அத்தனையும் போயிருக்கும். அதுவும் போதாதென்று, அழித்த போனைத் திரும்பப் போட்டால் அது அப்பாவின் பழைய கூகுள் கணக்கைத்தான் கேட்கும், அதைத் தாண்ட இன்னொரு தொகை கேட்பார்கள். வேறு சிலர் அப்பாவின் சிம்முக்கு வரும் ஓடிபியையும் அடையாள அட்டைப் படத்தையும் வாங்கிக்கொண்டு பாஸ்வேர்டை மாற்றிவிடுவார்கள். அப்புறம் அப்பாவின் பெயரிலேயே சொந்தக்காரர்களிடம் காசு கேட்டு மெசேஜ் போகும். இறந்தவரின் கணக்கை மூட பேஸ்புக்கோ கூகுளோ ஒரு சதமும் வாங்குவதில்லை, "கம்பெனிக்குள்ள எனக்கு ஆள் இருக்கு" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

போனை ஓஃப் செய்துவிட்டு மெமரி கார்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கழற்றி வேறு போனில் போட்டுப் பாருங்கள், பல பேருக்குப் படங்கள் அதிலேயே கிடைத்துவிடும். இல்லையென்றால் படங்கள் கூகுளில் ஏறியிருக்கலாம். கூகுள் உதவிப் பக்கத்தில் deceased user என்று தேடினால் ஒரு விண்ணப்பம் வரும். அதில் கணக்கை மூடுவது ஒரு தெரிவு, உள்ளே இருப்பதைக் கேட்பது இன்னொரு தெரிவு. அவசரப்பட்டு மூடச் சொல்லிவிடாதீர்கள், மூடினால் படங்களும் சேர்ந்து போகும். முதலில் படங்களைக் கேளுங்கள். பாஸ்வேர்டை எந்தக் காரணத்துக்கும் தர மாட்டார்கள், படங்களைக்கூடத் தந்தே ஆக வேண்டும் என்றில்லை, நீதிமன்ற உத்தரவு கேட்கவும் கூடும். உங்கள் அடையாள அட்டையும் மரணச் சான்றிதழும் வேண்டும். சான்றிதழ் தமிழில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பேஸ்புக்கில் இரண்டு வழி. ஒன்று, பக்கத்தை நினைவுப் பக்கமாக மாற்றுவது. பெயரோடு Remembering என்று வரும், பழைய படங்கள் அப்படியே இருக்கும், ஆனால் அதற்குப் பிறகு பாஸ்வேர்ட் தெரிந்தவரும் உள்ளே போக முடியாது. மற்றது, அடியோடு நீக்குவது. அதை நெருங்கிய குடும்பத்தார்தான் கேட்கலாம், நீக்கினால் திரும்பி வராது. அதனால் பக்கத்தில் தெரிகிற படங்களை முதலில் சேமித்துக்கொள்ளுங்கள். எந்த வழியிலும் இன்பொக்ஸைக் குடும்பத்துக்குத் திறந்துவிட மாட்டார்கள்.

நம் பக்கத்து ஆட்கள் மாட்டிக்கொள்வது பெயரில்தான், அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். அப்பா அடையாள அட்டையில் முனியாண்டி, பேஸ்புக்கில் Raja Muni, உங்கள் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் முனியான்டி என்று வைத்துக்கொள்வோம். தமிழ் தெரியாத பதிவாளர் காதில் விழுந்ததைச் சிங்களத்தில் எழுதி வைத்தார், அதைத் திருத்த இத்தனை வருஷமாகத் தோட்டத்து ஜனங்கள்தான் பஸ் ஏறி அலைகிறார்கள். எழுதியவரை யாரும் கேட்பதில்லை. இப்போது எங்கோ உட்கார்ந்து சரிபார்ப்பவருக்கு முனியாண்டியும் Raja Muni-யும் இரண்டு ஆட்கள், "விபரம் பொருந்தவில்லை" என்று ஒரு வரியில் பதில் வரும். பேஸ்புக்குக்கு மரணச் சான்றிதழ் ஒன்றுதான் வழி என்றில்லை. அதற்குப் பதிலாக, இறந்ததற்கு ஆதாரமாக மரண அறிவித்தலையோ நினைவு அட்டையையோ பார்க்கும், உறவுக்கு உங்கள் பிறப்புச் சான்றிதழைப் பார்க்கும். 31ஆம் நாள் அட்டை இன்னும் அச்சுக்குப் போகவில்லையென்றால் அப்பாவின் படத்தோடு "ராஜா முனி என அழைக்கப்பட்ட முனியாண்டி" என்று போடச் சொல்லுங்கள், ஒரு வரி ஆங்கிலத்திலும், இறந்த திகதியும் சேர்த்து. எழுத்துப் பிழைக்கு, இரு பெயரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக்கடதாசி முடித்து, அதன் ஆங்கிலப் பிரதியையும் கூடவே அனுப்புங்கள். அதையும் ஏற்காமல் திருப்பி அனுப்பலாம். அனுப்பினால், எந்தப் பெயர் எந்தக் கடதாசியில் இருக்கிறது என்று இரண்டே வரியில் எழுதி மறுபடி அனுப்புங்கள்.

சிம்மை இப்போதைக்கு வெட்டாதீர்கள், சின்னதாக ரீலோட் போட்டு உயிரோடு வையுங்கள். விட்டால் அந்த நம்பர் ஒருநாள் வேறு யாருக்காவது போகும், அவர் அதில் வட்ஸ்அப் போட்டால் குடும்பக் குரூப்பில் அப்பாவின் நம்பரில் அந்நியர் நிற்பார். அப்பாவின் நம்பரை எல்லாக் குரூப்பிலிருந்தும் அட்மினைக் கொண்டு எடுத்துவிடுங்கள். வட்ஸ்அப் கணக்கு பாவிக்காமல் கிடந்தால் பொதுவாக 120 நாளில் தானாக நீங்கிவிடும். வங்கிக் கணக்கு விஷயம் வேறு. சிம் கையில் இருக்கிறதே என்று ஓடிபி போட்டுக் காசு எடுக்கப் போகாதீர்கள், மரணச் சான்றிதழோடு கிளைக்கே போங்கள்.