விழுதேன், விழுந்தேன்: குழந்தையின் தமிழ் குறித்துச் சில கேள்விகளும் பதில்களும்

மொழி பிறவியில் வருவதா, கேட்டுக் கற்பதா? மொழித் திறன் பிறவியிலேயே அமைந்தது என்று மொழியியலாளர் சாம்ஸ்கி சொன்னது பொய்த்துப்போய்விட்டதாகச் சொல்கிறார்களே? (மொழியியல் மாணவர், பெங்களூரு)

கற்கும் திறன் பிறவியில் வருகிறது, எந்த மொழி என்பது காதில் விழுவதைப் பொறுத்தது. இந்த அளவுக்கு இன்று எவரும் சண்டையிடுவதில்லை. அந்தத் திறன் மொழிக்கென்றே அமைந்ததா, எல்லாவற்றையும் கற்க உதவும் பொதுத் திறனா என்பதில்தான் சண்டை. மொழி பழக்கத்தால் வருவது என்ற உளவியலாளர் ஸ்கின்னரின் நூலுக்கு 1959இல் சாம்ஸ்கி எழுதிய மதிப்புரையிலிருந்து அது ஓயவில்லை. 1996இல் சாஃப்ரன், அஸ்லின், நியூபோர்ட் மூவரும், எட்டு மாதக் குழந்தைகள் இடைவெளியில்லாத அசைவரிசையை இரண்டே நிமிடம் கேட்டு, எந்த அசைக்குப் பின் எந்த அசை வழக்கமாக வருகிறது என்பதைப் பிடித்துக்கொள்வதைக் காட்டினார்கள். காதில் விழுவதிலிருந்தே இவ்வளவு எடுக்க முடியுமா என்று பலர் வியந்தது அப்போதுதான். ஆனால் அசைகளைப் பிரிப்பது வேறு, இலக்கணம் வேறு. ஆகவே ஒரு தரப்பு தோற்றுவிட்டது என்று தேர்வில் எழுதிவிடாதீர்கள்.

நம் மொழியிலேயே ஒரு சான்று பாருங்கள். அழு, உழு, தொழு என்பவை அழுதேன், உழுதேன், தொழுதேன் என்று ஆகின்றன. அதே ஓசையில் முடியும் விழு, எழு என்பவையோ விழுந்தேன், எழுந்தேன் என்று ஆகின்றன. சொல்லின் ஓசையைக் கொண்டு எது எப்படி ஆகும் என்று கணிக்க வழியில்லை. என் பேத்தி மூன்று வயதில், நாற்காலியிலிருந்து இறங்கும்போது சறுக்கி, அழுகைக்கு நடுவே "நான் விழுதேன்" என்றாள். அந்தச் சொல்லை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது; எந்தப் பெரியவரும் அப்படிச் சொல்வதில்லை. ஆகவே அவள் கேட்டதைத் திருப்பிச் சொல்லவில்லை, கேட்டதிலிருந்து ஒரு விதியைச் செய்துகொண்டாள். பிறவித் திறன் தரப்பு இதைத் தன் சான்றாகக் காட்டும். எதிர்த்தரப்போ, 'அழுதேன்' என்பதை நாள்தோறும் கேட்கும் குழந்தை அதன் சாயலில் இன்னொன்றைச் செய்ததற்குப் பிறவி இலக்கணம் எதற்கு என்று கேட்கும். இந்த ஒரு பிழையை வைத்து இரண்டு தரப்பும் வாதிடலாம் என்பதால்தான் எனக்கு இது பிடிக்கும்.

அப்படியானால் பிழையைத் திருத்தினால் போதுமா? நாங்கள் ஒவ்வொன்றையும் திருத்துகிறோம். (தந்தை, லண்டன்)

திருத்துவதாக நினைத்துக்கொள்கிறீர்கள். பெற்றோர் பெரும்பாலும் பேச்சின் உண்மையைத்தான் திருத்துகிறார்கள், இலக்கணத்தை அல்ல என்று 1970இலேயே ரோஜர் பிரவுனும் கமில் ஹான்லனும் காட்டிவிட்டார்கள். நானும் அன்று "விழுந்தேன் என்று சொல்" என்று சொல்லவில்லை, "எங்கே விழுந்த? முட்டி வலிக்குதா?" என்றுதான் கேட்டேன். அந்த "விழுந்த" அவள் காதில் விழுந்தது. இப்படி நூறு முறை விழும்போது 'விழுதேன்' தானாக நழுவிப்போகிறது. லண்டனில் தமிழ் கேட்பது காலையும் மாலையும் மட்டும் என்றால் அந்த நூறு முறை வந்து சேர அதிக மாதங்கள் ஆகும், பிழையும் அதுவரை தங்கும். இது குறைபாடு அல்ல, கணக்கு.

இரண்டு மொழி பேசினால் குழந்தை குழம்பிவிடாதா? (தாய், நியூ ஜெர்சி)

குழம்பாது. ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலப்பது குழப்பம் அன்று. உங்கள் வீட்டில் பெரியவர்கள் பேசுவதை ஒருமுறை ஒலிப்பதிவு செய்து கேளுங்கள்.

மகனுக்கு மூன்று வயது, பேச்சு மிகக் குறைவு. தமிழை நிறுத்தும்படி ஒருவர் சொன்னார். நிறுத்தலாமா? (தாய், மெல்பர்ன்)

தமிழை நிறுத்தாதீர்கள், முதலில் செவித்திறனைப் பரிசோதியுங்கள். இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்: பேச்சு தாமதமானால் காதைப் பாருங்கள், மொழியைப் பழிக்காதீர்கள். இரண்டு மொழியால் பேச்சுக் கோளாறு வருவதில்லை; கோளாறு இருந்தால் இரண்டு மொழியிலும் தெரியும். பேச்சுப் பயிற்சியாளர் சொற்களை எண்ணும்போது இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் முப்பது, தமிழில் முப்பது என்று இருக்கும் குழந்தையை முப்பது சொல் தெரிந்தவன் என்று பதிவுசெய்துவிடுகிறார்கள். மற்றதை நேரில் பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும். நான் மொழியியல் கற்பித்தவள், மருத்துவர் அல்லள்.

தமிழ் ரத்தத்தில் இருக்கிறது. இப்போது பேசாவிட்டாலும் ஊருக்குப் போனால் தானாக வந்துவிடும் என்று என் மாமனார் சொல்கிறார். (தாய், டாலஸ்)

ரத்தத்தில் எந்த மொழியும் இல்லை. கொரியாவில் பிறந்து, சிறு வயதில் பிரெஞ்சுக் குடும்பங்களுக்குத் தத்துப்போனவர்களை, அவர்கள் பெரியவர்களான பின் பாரிஸில் கிறிஸ்டோஃப் பாலியே குழுவினர் சோதித்து 2003இல் வெளியிட்டார்கள். பிற மொழி வாக்கியங்களுக்கு நடுவே கொரிய வாக்கியங்களை அவர்களால் அடையாளம் காண முடியவில்லை. மூளைப் படங்களிலும் கொரியத்துக்கும் அவர்கள் அறியாத பிற மொழிகளுக்கும் இடையே வேறுபாடு தெரியவில்லை. ஆனால் சீனத்திலிருந்து மான்ட்ரியாலுக்குத் தத்துவந்த குழந்தைகளிடம் சொல்லின் பொருளையே மாற்றும் சீனச் சுர வேறுபாடுகளுக்கான சுவடு மூளையில் எஞ்சியிருப்பதாக 2014இல் வந்த ஆய்வு சொல்கிறது. சுவடு இருப்பது வேறு, பேசுவது வேறு. உங்கள் மாமனார் நாளுக்கு ஒரு கதை சொல்லட்டும், தமிழிலேயே சொல்லட்டும். ரத்தத்தைவிட அது பயன்படும்.

யூடியூப் பாட்டுகள் போதுமா? (தந்தை, சிங்கப்பூர்)

கைக்குழந்தைக்குப் போதாது. பாட்ரிசியா கூல் குழுவினர் 2003இல் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு மாண்டரின் பேசும் ஆளைப் பன்னிரண்டு அமர்வுகளில் நேரில் பழகவிட்டார்கள். அந்தக் குழந்தைகள் மாண்டரின் ஒலிகளைப் பிரித்தறிந்தன. அதே ஆள், அதே பேச்சு, திரையில் வந்தபோது பலன் பூஜ்யம்.

குழந்தை ழ, ள சொல்லவில்லை. வயது ஐந்து. தாமதமாகிவிட்டதா? (தாய், பாரிஸ்)

சொல்வதற்கு முன் கேட்கிறாளா என்று பாருங்கள். ழ, ள போல நாக்கை வளைத்துச் சொல்லும் ஒலிதான் ட. 'பட்டு', 'பத்து' இரண்டையும் வாயை மறைத்துக்கொண்டு சொல்லி, பட்டுத்துணியையும் பத்து விரலையும் காட்டச் சொல்லுங்கள். இந்த ட, த வேறுபாட்டை ஒத்த இந்தி ஒலிகளைத்தான் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் வான்கூவரில் சோதித்தார்கள்: ஆங்கிலச் சூழலில் வளரும் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாதம் வரை அந்த ஒலிகளைப் பிரித்தறிகின்றன, பத்து முதல் பன்னிரண்டு மாதத்தில் அந்தத் திறன் பெரிதும் மங்குகிறது. பிறந்தவுடன் எல்லா ஒலிக்கும் காது திறந்திருக்கிறது, கேட்காததை மூடிக்கொள்கிறது என்று சொல்லலாம். உங்கள் மகள் வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்தவள் என்றால் மூடியிருக்க வாய்ப்புக் குறைவு. 'ழ' தமிழ்நாட்டிலேயே பல பெரியவர்களுக்கு வராத ஒலி; ஐந்து வயதுக்காரிக்கு அவசரப்படுத்தாதீர்கள்.

என் மகள் என்னிடம் "அம்மா, நாங்கள் கடைக்குப் போகலாம்" என்கிறாள். 'நாம்' என்பதே வரவில்லை. ஆங்கிலத்தின் பாதிப்புதானே? (தாய், டொராண்டோ)

பெரும்பாலும் அதுவே. கேட்பவரைச் சேர்ப்பது 'நாம்', சேர்க்காதது 'நாங்கள்'. ஆங்கிலத்தில் இந்தப் பிரிவு இல்லாததால் குழந்தைக்கு ஒரே பெட்டி போதுமானதாகத் தோன்றும்.

மன்னிக்கவேணும், இது தவறு. எங்கட வீட்டில் அம்மம்மாவே "நாங்கள் கடைக்குப் போவம்" என்றுதான் சொல்லுவா, என்னையும் சேர்த்துத்தான். அவ யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டது அறுபது வயதில், ஆங்கிலம் தெரியாது. (ஸ்கார்பரோ வாசகர்)

நான் அவசரப்பட்டேன், சரிசெய்கிறேன். யாழ்ப்பாணப் பேச்சில் 'நாங்கள்' இரண்டுக்கும் வரும், 'நாம்' எழுத்திலும் மேடையிலும்தான் அதிகம் கேட்கும். கேட்டவரின் ஊரைக் கேட்காமல் விடை சொன்னது என் பிழை.

யாழ்ப்பாணத்துத் தமிழ்தான் தூய தமிழ் என்பார்கள். அதில் 'நாம்' இல்லாமல் இருக்குமா? ஆங்கிலக் கல்வியால் போயிருக்கும். (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கோவை)

ஐயா, ஆங்கிலம் தெரியாத அம்மம்மாவுக்கு ஆங்கிலக் கல்வி எப்படி வந்தது? பழைய சொற்கள் பல அங்கே தங்கியிருக்கின்றன என்பது சரி, அதற்காக எல்லாம் தங்கியிருக்க வேண்டும் என்பதில்லை. குழந்தை கற்பது நம் இலக்கண நூலை அன்று, தன் வீட்டில் கேட்பதை. புலம்பெயர்ந்த பிள்ளைகளின் தமிழில் 'விடுபட்டது' என்று பட்டியல் போடுபவர்கள் பலரும் எழுத்துத் தமிழை அளவுகோலாக வைத்து இதே பிழையைச் செய்கிறார்கள். கேட்கப்படாத ஒன்றை அந்தக் குழந்தை மறந்தாள் என்று எப்படிச் சொல்வது?

அப்படிச் சொன்னால் எந்தப் பிழையையும் வட்டார வழக்கு என்று தப்பித்துவிடலாமே. என் மகன் "நான் பிடிக்கும் ஐஸ்கிரீம்" என்கிறான். இது எந்த ஊர் வழக்கு? (தந்தை, சியாட்டில்)

நல்ல அடி. எந்த ஊர் வழக்கும் அன்று. 'எனக்குப் பிடிக்கும்', 'எனக்குப் பசிக்கிறது' என்பதில் எந்த ஊர்த் தமிழரும் தடுமாறுவதில்லை. அந்த இடத்தில் ஆங்கில அமைப்பு உள்ளே வந்திருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். ஆகவே வழி இதுதான்: பிள்ளையிடம் காணும் ஒவ்வொன்றையும் அவனுக்குத் தமிழ் பேசும் பெரியவர்களிடம் தேடுங்கள். அவர்களிடம் இருந்தால் அது கேட்டுக் கற்றது. அவர்களிடம் இல்லாமல் பிள்ளையிடம் இருந்தால், 'விழுதேன்' போலப் பிள்ளையே செய்ததா, 'நான் பிடிக்கும்' போல மற்ற மொழியிலிருந்து வந்ததா என்று அடுத்துப் பாருங்கள். பிள்ளையே செய்ததானால் சென்னையில் வளரும் குழந்தையிடமும் காணலாம்.

இரண்டு மொழியால் குழந்தைக்குக் குழப்பம் வருமா? (இரண்டு பேர், தனித்தனியாக)

மேலே நியூ ஜெர்சிக்குச் சொன்னதைப் படியுங்கள். பேச்சு தாமதமானால் காதுப் பரிசோதனையையும் மறக்காதீர்கள்.

நான் தமிழில் பேசுகிறேன், அவள் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்கிறாள். அப்பாவுக்குத் தமிழ் தெரியாது. ஒருவர் ஒரு மொழி என்ற விதியைத் தவறாமல் கடைப்பிடிக்கிறேன். (தாய், பெல்ஜியம்)

உங்கள் நாட்டிலேயே இதைப் பார்த்திருக்கிறார்கள். ஃபிளாண்டர்ஸில் டச்சு அல்லாத மொழியொன்றும் வீட்டில் பேசப்படும் ஏறத்தாழ 1,900 குடும்பங்களை ஆய்ந்த ஆனிக் டி ஹவர், சுமார் நான்கில் ஒரு குடும்பத்தில் பிள்ளைகள் அந்த மொழியைப் பேசவில்லை என்று 2007இல் வெளியிட்டார். ஒருவர் ஒரு மொழி என்ற விதி மட்டும் உறுதி தருவதில்லை. அவள் ஆங்கிலத்தில் "ஜூஸ்" கேட்டதும் நீங்கள் எடுத்துக்கொடுத்துவிட்டால், தமிழுக்கு வேலையே இல்லை. "என்ன வேணும்?" என்று ஒருமுறை திருப்பிக் கேளுங்கள், சண்டையாக மாற்றாதீர்கள். தமிழ் மட்டுமே அறிந்த ஒரு பாட்டியுடன் கோடை விடுமுறை கழிந்தால் அது நீங்கள் ஆறு மாதம் திருத்துவதைவிட அதிகம் செய்யும்.

எங்கட அம்மம்மாவிடம் கேட்டேன். "நாம் எண்டு நான் சொல்லுறதில்லை, ஆனா ரேடியோவில கேட்டிருக்கிறன்" என்கிறா. மகளின் அப்பா மதுரைக்காரர், அவர் 'நாம' என்பார். இப்ப பிள்ளை எதை எடுக்கும்? (ஸ்கார்பரோ வாசகர்)

எதை எடுப்பாள் என்பதை முன்கூட்டிச் சொல்ல எந்தக் கோட்பாட்டாலும் முடியாது. யாருடன் அதிக நேரம் இருக்கிறாள், அவளைச் சேர்த்துப் பேசுபவர் யார் என்பதைப் பொறுத்து மாறலாம். அப்பாவிடம் 'நாம', அம்மம்மாவிடம் 'நாங்கள்' என்று இரண்டையும் ஆள் பார்த்துப் பிரித்து வைத்துக்கொண்டாலும் வியப்பில்லை. அவளைத் திருத்தாமல் மாதம் ஒருமுறை அரை மணி நேரம் ஒலிப்பதிவு செய்துவையுங்கள். அப்பாவுடன் ஒன்று, அம்மம்மாவுடன் ஒன்று. தேதி போட மறந்துவிடாதீர்கள்.