xI − A-வை மூலைவிட்டமாக்கினால் என்ன தெரியும்?

அணிகளின் நியமன வடிவங்கள் பற்றி வாசகர்கள் அனுப்பியவற்றில் ஐந்து கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். பி.ஐ.டி. என்று இங்கே சொல்வது, ஒவ்வொரு ஐடியலையும் ஒரே ஒரு உறுப்பு உருவாக்கிவிடும் முழுமை அரங்கத்தை. முழு எண்கள் Z ஒன்று, விகிதமுறு கெழுக்கள் கொண்ட பல்லுறுப்புக்கோவைகள் Q[x] இன்னொன்று. நமக்கு இந்த இரண்டும் போதும்.

ஐகன் வெக்டர்களை வைத்தே ஜோர்டன் வடிவத்தைக் கண்டுபிடித்துவிடுகிறோம். அப்புறம் மாட்யூல் எதற்கு?

Qⁿ-இல் ஒரு வெக்டரை எண்ணால் பெருக்கத் தெரியும். கையில் A என்ற n×n அணி இருந்தால் பல்லுறுப்புக்கோவையாலும் பெருக்கலாம்: x·v என்றால் Av, (x² + 3)·v என்றால் A²v + 3v. இவ்வளவுதான் சங்கதி, Qⁿ இப்போது Q[x] மீது ஒரு மாட்யூல். A, B இரண்டும் வடிவொத்த அணிகள், அதாவது தலைகீழ் உள்ள ஏதோ ஓர் அணி P-க்கு B = P⁻¹AP, என்பதும், அவை தரும் மாட்யூல்கள் ஒரே அமைப்புடையவை என்பதும் ஒன்றேதான். ஆகவே அணிகளை வகைப்படுத்தும் வேலை மாட்யூல்களை வகைப்படுத்தும் வேலையாகிவிடுகிறது.

அதற்குத்தான் அமைப்புத் தேற்றம். R ஒரு பி.ஐ.டி. என்றால், அதன் மீது முடிவுற்ற எண்ணிக்கையில் உருவாக்கிகள் கொண்ட எந்த மாட்யூலும்

```
R^r ⊕ R/(d1) ⊕ R/(d2) ⊕ ... ⊕ R/(dk),   d1 | d2 | ... | dk
```

என்று பிரியும். அலகுகளால், அதாவது R-க்குள்ளேயே தலைகீழ் உள்ள உறுப்புகளால், பெருக்குவதைத் தவிர d-க்களில் வேறு மாற்றத்துக்கு இடமில்லை, அதனால் இவற்றை மாறாக் காரணிகள் என்கிறோம். நம் மாட்யூலில் r = 0. Q[x]-க்கு முடிவிலா பரிமாணம், Qⁿ-க்கு n மட்டும், எனவே Q[x]-இன் முழுப் பிரதி ஒன்று உள்ளே இருக்க இடமில்லை. கடைசிக் காரணி dk, A-யின் சிறும பல்லுறுப்புக்கோவை. எல்லாவற்றின் பெருக்கல், சிறப்பியல்பு பல்லுறுப்புக்கோவை. முதலாவது இரண்டாவதை வகுக்கும் என்ற கேய்லி-ஹாமில்டன் முடிவு இதிலேயே வந்துவிடுகிறது. இந்தக் காரணிகளைக் கணக்கிட xI − A-வை Q[x]-இல் நிரை, நிரல் செயல்களால் மூலைவிட்டமாக்க வேண்டும். ஒவ்வொன்றும் அடுத்ததை வகுக்கும்படி மூலைவிட்டத்தில் வருபவை, 1-களை விட்டுவிட்டால், மாறாக் காரணிகளேதான்.

xI − A-வை நிரைச் செயல்களால் சுருக்கினேன். கடைசியில் அலகு அணி வந்தது. எங்கே தவறு?

எங்கோ (x − 2) போன்ற ஒன்றால் ஒரு நிரையை வகுத்திருப்பீர்கள். Q[x]-இல் வகுக்க அனுமதி பூச்சியமல்லாத எண்களால் மட்டும்தான். x − 2-க்கு அங்கே தலைகீழ் இல்லை. அப்படி வகுத்தால் விகிதமுறு சார்புகளின் களத்துக்குப் போய்விட்டோம் என்று பொருள், அங்கே எந்த xI − A-யும் அலகு அணியாகத்தான் முடியும். அனுமதிக்கப்பட்டவை மூன்று: நிரைகளையோ நிரல்களையோ இடம் மாற்றுவது, பூச்சியமல்லாத எண்ணால் பெருக்குவது, ஒன்றின் பல்லுறுப்புக்கோவை மடங்கை இன்னொன்றோடு கூட்டுவது.

நீங்கள் அனுப்பிய அணிக்குப் பதில் கொஞ்சம் சிறியதாக ஒன்றைப் போட்டுப் பார்ப்போம்.

```
A =  3  1 -2
     1  3 -2
     1  1  0
```

எழுத்து குறைய y = x − 2 என்று வைத்தால், xI − A இப்படி வரும்:

```
y-1   -1     2
 -1   y-1    2
 -1   -1    y+2
```

முதல் நிரையிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள், பிறகு இரண்டாவதிலிருந்து மூன்றாவதைக் கழியுங்கள். நிரைகள் (y, −y, 0), (0, y, −y), (−1, −1, y+2) என்று ஆகும். மூன்றாம் நிரையின் தொடக்கத்தில் உள்ள −1 ஓர் அலகு. அதை வைத்து அந்த நிரையிலும் முதல் நிரலிலும் மற்றவற்றை அழித்துவிடலாம். மிஞ்சுவது 2×2:

```
-2y   y²+2y
  y    -y
```

முதல் நிரலை இரண்டாவதோடு கூட்டினால் நிரைகள் (−2y, y²), (y, 0). இரண்டாம் நிரையின் இரு மடங்கை முதலாவதோடு கூட்டினால் (0, y²), (y, 0). இடம் மாற்றினால் முடிவு: 1, x − 2, (x − 2)².

அந்த 1 எதையும் தருவதில்லை, R/(1) பூச்சிய மாட்யூல். மீதி இரண்டும் சொல்வது: ஜோர்டன் வடிவத்தில் 2-க்கு ஒரு 1×1 தொகுதி, ஒரு 2×2 தொகுதி. சிறும பல்லுறுப்புக்கோவை (x − 2)². சந்தேகமிருந்தால் A − 2I-யைப் பாருங்கள்: மூன்று நிரைகளும் (1, 1, −2), தரம் 1, வர்க்கம் பூச்சியம்.

தவறைப் பிடிக்க ஒரு வழி: ஒவ்வொரு கட்டத்திலும் அணிக்கோவை, ஒரு எண் மடங்கைத் தவிர, மாறக் கூடாது. இங்கே அது (x − 2)³. படி குறைந்தால் எங்கோ வகுத்துவிட்டீர்கள், கூடினால் எங்கோ பெருக்கிவிட்டீர்கள். இன்னொன்றும் அடிக்கடி நடக்கும்: மூலைவிட்டம் கிடைத்ததும் நிறுத்திவிடுவார்கள். Z-இல் 4, 6 என்று வந்தால் வேலை முடியவில்லை, 4 ஆனது 6-ஐ வகுக்காது. மீ.பொ.வ. 2, மீ.பொ.ம. 12, எனவே சரியான விடை 2, 12.

சிறப்பியல்பு, சிறும பல்லுறுப்புக்கோவைகள் இரண்டும் ஒன்றாக இருந்தால் அணிகள் வடிவொத்தவைதானே?

3×3 வரை ஆம். 4×4-இல் இல்லை. மாறாக் காரணிகள் x², x² என்று ஒன்றுக்கும், x, x, x² என்று இன்னொன்றுக்கும் இருக்கட்டும். இரண்டுக்கும் சிறப்பியல்பு x⁴, சிறுமம் x². ஆனால் முதல் அணியின் தரம் 2, இரண்டாவதன் தரம் 1.

விகிதமுறு எண் அணிகள் இரண்டு சிக்கலெண்களின் மேல் வடிவொத்தவை என்றால், Q-இன் மேலும் அப்படியேவா?

ஆம். மேலே செய்த கணக்கில் கூட்டல், பெருக்கல், எண்ணால் வகுத்தல் தவிர வேறில்லை. கெழுக்கள் Q-இல் தொடங்கினால் Q-இலேயே முடியும். C[x]-இல் அதே கணக்கைச் செய்தாலும் அதே காரணிகள்தான். ஜோர்டன் வடிவத்துக்குத்தான் மூலங்கள் களத்துக்குள் இருக்க வேண்டும். x² + 1 வந்தால் Q-இல் ஜோர்டன் இல்லை, ஆனால் மாறாக் காரணிகளிலிருந்து எழுதும் விகிதமுறு வடிவம் எப்போதும் உண்டு. என்னைக் கேட்டால், பாடத்தில் ஜோர்டனுக்கு முன்பே அதைச் சொல்லித் தர வேண்டும்.

முழு எண் அணிகளுக்கும் இது வேலை செய்யுமா? P-யும் அதன் தலைகீழும் முழு எண்களாலேயே ஆனவையாக இருக்க வேண்டும் என்றால்?

செய்யாது. இப்போது மாட்யூல் Z[x]-இன் மீது. Z[x] பி.ஐ.டி. அல்ல: 2-உம் x-உம் சேர்ந்து உருவாக்கும் ஐடியலை ஒரே உறுப்பால் உருவாக்க முடியாது. இது ஏதோ சொல்லளவிலான தடை இல்லை. இந்த இரண்டையும் பாருங்கள்:

```
A =  0 -5        B =  1 -3
     1  0             2 -1
```

இரண்டுக்கும் சிறப்பியல்பு பல்லுறுப்புக்கோவை x² + 5, எனவே Q-இன் மேல் வடிவொத்தவை. A-க்கு e₁ = (1, 0) எடுத்தால் Ae₁ = (0, 1), இரண்டும் சேர்ந்து Z²-இன் அடிப்படை. B, Z-இன் மேல் A-யோடு வடிவொத்ததாக இருந்தால் அதற்கும் இப்படி ஒரு v இருந்தாக வேண்டும். v = (a, b) என்றால் Bv = (a − 3b, 2a − b). v, Bv இரண்டையும் நிரல்களாகக் கொண்ட அணிக்கோவை

```
a(2a - b) - b(a - 3b) = 2a² - 2ab + 3b²
```

இது ±1 ஆக வேண்டும். ஆனால் இதை 2(a − b/2)² + (5/2)b² என்று எழுதலாம். b = 0 என்றால் மதிப்பு 2a², b பூச்சியமில்லை என்றால் குறைந்தது 2.5. ±1 வரவே வராது. ஆக A, B இரண்டும் Z-இன் மேல் வடிவொத்தவை அல்ல.

ஒரே சிறப்பியல்பு பல்லுறுப்புக்கோவை உள்ள முழு எண் அணிகள் Z-இன் மேல் எத்தனை வடிவொத்த வகைகளாகப் பிரியும் என்பதற்கு லாட்டிமர், மெக்டஃபி இருவரும் 1933-இல் விடை தந்தார்கள்: Q-இல் காரணிப்படாத, முதற்கெழு 1 உள்ள முழு எண் பல்லுறுப்புக்கோவை f-க்கு, Z[x]/(f)-இன் ஐடியல் வகுப்புகள் எத்தனையோ அத்தனை. x² + 5-க்கு அது Z[√−5]. அங்கே வகுப்புகள் இரண்டு, A ஒன்றுக்கு, B மற்றொன்றுக்கு.