சின்னம்மை வந்த பிள்ளைக்குக் கொடுக்கக்கூடாத காய்ச்சல் மருந்தும், நகம் பட்ட ஒரு கொப்புளமும்

கேள்வி: என் 7 வயது மகனுக்குச் சின்னம்மை. ராத்திரி முழுக்க சொறிகிறான். அரிப்பு குறைய என்ன செய்யலாம்? காய்ச்சலுக்கு வீட்டில் இருக்கும் ஐபுப்ரோஃபென் சிரப் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். இன்று ராத்திரிக்குள் அந்தப் பாட்டிலை எடுத்து மேல் தட்டில் வைத்துவிடுங்கள். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும் போதும். நான் மருத்துவர் இல்லை. மூன்றாம் வகுப்பு படித்த மகளை அம்மையோடு பன்னிரண்டு நாள் பார்த்துக்கொண்ட அம்மா. நாங்கள் செய்த தப்பை நீங்கள் செய்யக்கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பங்குனி மாதம் அது. முதல் நாள் வெறும் காய்ச்சல், 102 டிகிரி. அம்மை என்று யாருக்கும் தெரியவில்லை. மருந்துக்கடையில் "பிள்ளைக்குக் காய்ச்சல்" என்றதும் ஒரு சிரப்பைக் கொடுத்தார்கள். நானும் பெயரைப் பார்த்தேனே தவிர, கீழே பொடி எழுத்தில் என்ன கலந்திருக்கிறது என்று படிக்கவில்லை. பாரசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் சேர்ந்த மருந்து அது. மறுநாள் வயிற்றிலும் முதுகிலும் சிவப்புப் புள்ளிகள். சாயங்காலத்துக்குள் அவை பனித்துளி போல நீர் கோத்த கொப்புளங்களாகிவிட்டன. அப்போதும் காய்ச்சல் ஏறும்போதெல்லாம் அதே சிரப்பைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

என் மாமியார் வாசலில் வேப்பிலை செருகினார். "அம்மா வந்திருக்கா, தலைக்குத் தண்ணி விடற வரைக்கும் உடம்புல தண்ணி படக்கூடாது" என்றார். இதைப் படித்துவிட்டு யாரும் என் மேல் பாய வேண்டாம். எனக்கும் மாரியம்மன் மேல் பக்தி உண்டு, வீட்டில் கூழும் ஊற்றினோம். ஆனால் வியர்வையும் அழுக்கும் சேரச் சேர அரிப்பு கூடியது. மூன்றாம் நாள் ராத்திரி அவள் தூக்கத்திலேயே பின்தொடையில் ஒரு கொப்புளத்தைப் பிய்த்துவிட்டாள்.

நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது, நிம்மதியாக இருந்தோம். ஐந்தாம் நாள் காலையில் மறுபடி 103. தொடையில் அந்த ஒரு இடத்தைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து, தொட்டால் சுட்டது. நடக்கும்போது காலை இழுத்தாள். மற்ற கொப்புளங்கள் அரித்தன, இது மட்டும் வலித்தது. குழந்தை மருத்துவரிடம் ஓடினோம். அவர் பால்பாயின்ட் பேனாவால் சிவப்பின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, "இந்தக் கோட்டைத் தாண்டினா ராத்திரி எத்தனை மணியா இருந்தாலும் வந்துடுங்கம்மா" என்றார். ஆன்டிபயாட்டிக் கொடுத்தார். நல்லவேளை, கோட்டைத் தாண்டவில்லை.

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். சின்னம்மைக் கொப்புளம் தோலின் மேல் அடுக்கில்தான் இருக்கிறது. சும்மா விட்டால் காய்ந்து, பொருக்காகி, பெரும்பாலும் தழும்பில்லாமல் உதிர்ந்துவிடும். நகம் பட்டால் அடியில் இருக்கும் அடுக்கும் கிழிகிறது, தழும்பு அங்கேதான் உண்டாகிறது. அதைவிடப் பெரிய பயம், நம் தோலிலும் நகக்கண்ணிலும் இருக்கக்கூடிய ஸ்டெஃபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகள் அந்தக் கிழிசல் வழியாக உள்ளே போவது. அபூர்வமாக அது தோலுக்கு அடியில் இருக்கும் சதையையே அழிக்கிற அளவுக்குப் போகும்.

இந்த இடத்தில்தான் ஐபுப்ரோஃபென் வருகிறது. சின்னம்மையில் அதை வாங்கிக்கொண்ட பிள்ளைகளிடம் இப்படிப்பட்ட கடுமையான தோல் தொற்று கூடுதலாகக் காணப்பட்டிருக்கிறது. மருந்துதான் காரணமா, அல்லது ஏற்கெனவே தொற்று முற்றிய பிள்ளைகளுக்குத்தான் வலிக்காக அதைக் கொடுத்தார்களா என்பது முழுசாகத் தீர்ந்த கேள்வி இல்லை. இன்னொன்று, அது வலியையும் வீக்கத்தையும் அடக்குவதால் தொற்று தொடங்குவது கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். "உங்க பொண்ணுக்கு அந்த மருந்தாலதான் வந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாது. ஆனா பாரசிட்டமால் இருக்கும்போது இது எதுக்கு?" என்று கேட்டார். "எங்கள் பிள்ளைக்குக் கொடுத்தோம், ஒன்றும் ஆகவில்லையே" என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கும் அதே பதில்தான்.

ஆஸ்பிரின் விஷயத்தில் இந்தச் சந்தேகமே வேண்டாம். சின்னம்மையோ ஃப்ளூவோ வந்த பிள்ளைக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் ரை நோய்க்குறி என்று ஒன்று வரலாம். கல்லீரல் கெட்டு, மூளை வீங்கும். விடாத வாந்தியில் தொடங்கி, குழப்பம், மயக்கம் என்று போகும். அபூர்வம்தான், ஆனால் உயிரை எடுக்கும். அமெரிக்காவில் 1980களில் எச்சரிக்கை கொடுத்து, பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுப்பது குறைந்த பிறகு அந்த நோயும் வெகுவாகக் குறைந்தது. தாத்தாவின் இதய மாத்திரையும் ஆஸ்பிரின்தான். வாய்ப்புண்ணுக்குத் தடவும் சில ஜெல்களில் கோலின் சாலிசிலேட் இருக்கிறது. அதுவும் அதே குடும்பம். வாய்க்குள் கொப்புளம் வந்தால் அதைத் தேடாதீர்கள், ஆறின கஞ்சியும் மோரும் கொடுங்கள்.

பாரசிட்டமால் அளவு எடையைப் பொறுத்தது, ஒரு வேளைக்கு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். என் மகள் 22 கிலோ. 5 மில்லியில் 250 மில்லிகிராம் இருக்கும் சிரப்பில் மருத்துவர் 6 மில்லி எழுதினார், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் கூடாது. 5 மில்லியில் 125 இருக்கும் சிரப்பும் அதே அலமாரியில் இருக்கும் என்பதால் பாட்டிலைப் படித்துவிட்டு ஊற்றுங்கள்.

அரிப்புக்கு எங்களுக்கு உதவியது: முதலில் நகத்தை ஒட்ட வெட்டி, முனையைத் தேய்த்துவிட்டேன். ராத்திரியில் கைக்கு அவளுடைய பருத்திக் காலுறை. "குளிப்பாட்டினால் அம்மை பரவாது, உள்ளே இறங்காது" என்று மருத்துவர் சொன்னதை அத்தையிடம் சொன்னபோது, வேப்பிலை போட்டுக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் என்றால் சரி என்றார். வெதுவெதுப்பாகப் பத்து நிமிடம் ஊற்றி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்தேன். அப்புறம் காலமைன் லோஷனைப் பஞ்சில் தொட்டு, உடையாத கொப்புளங்கள் மேல் மட்டும் வைத்தேன். கண்ணோரத்திலும் வாய்க்குள்ளும் படக்கூடாது. படுக்கும் முன் மருத்துவர் எழுதிக்கொடுத்த அரிப்பு மருந்து, செட்டிரிசின். அரிக்குது என்று அழும்போது அத்தை கழுவின வேப்பங்கொழுந்துக் கொத்தால் வருடிவிட்டார். நகத்துக்கு அது எவ்வளவோ மேல். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்த விழுதை மட்டும் உடைந்த கொப்புளத்தில் பூச நான் விடவில்லை. அம்மியில் இருப்பதெல்லாம் புண்ணுக்குள் போகும்.

ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் மகளின் பக்கத்து பெஞ்சுப் பிள்ளை முகத்தில் கொப்புளத்தோடு இரண்டு நாள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது. ஏன் என்றால் வருடம் முழுக்க விடுப்பே எடுக்காத பிள்ளைக்கு அந்தப் பள்ளியில் மேடையேற்றிக் கேடயம் கொடுப்பார்கள். கடைசிக் கொப்புளமும் பொருக்காகும் வரை அம்மை தொற்றும். காய்ச்சலோடு வரும் பிள்ளைக்குப் பரிசு கொடுப்பதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

உங்கள் மகனுக்கு இறங்கிய காய்ச்சல் திரும்பி ஏறினால், ஒரு இடம் மட்டும் சிவந்து வலித்தால், வாந்தி நிற்காவிட்டால், நடை தள்ளாடினால், மூச்சு வாங்கினால் விடியும் வரை காத்திருக்காதீர்கள். வீட்டில் ஒரு வயதைத் தாண்டிய, சின்னம்மைத் தடுப்பூசி போடாத இன்னொரு பிள்ளை இருந்தால் நாளைக்கே மருத்துவரைக் கேளுங்கள். தொற்று பட்ட மூன்றிலிருந்து ஐந்து நாட்களுக்குள் போட்டால் இன்னும் தடுக்க வாய்ப்பு இருக்கிறது. கர்ப்பிணிப் பெண் யாராவது இருந்தால் அதையும் அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.