டேம்பிங் ஃபேக்டர் 200, ஸ்பீக்கர் வரை வந்தால் எவ்வளவு?

கேள்வி: என் ஆம்ப்ளிஃபயரில் டேம்பிங் ஃபேக்டர் 200 என்று போட்டிருக்கிறது. 10 மீட்டர் மெல்லிய ஒயர் இழுத்தால் அது குறையுமா? பேஸ் கெட்டுப்போகுமா?

குறையும், அதுவும் நிறையவே. ஸ்பீக்கரின் ஓம் அளவை ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு மின்தடையால் வகுத்தால் வருவதுதான் இந்த எண். 8 ஓமுக்கு 200 என்றால் உள்ளே இருப்பது வெறும் 0.04 ஓம்.

ஸ்பீக்கரின் கூம்பு அதிரும்போது, அதோடு ஒட்டிய கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் ஒரு ஜெனரேட்டர்போல மின்னழுத்தம் தருகிறது. அந்த மின்னோட்டம் ஆம்ப்ளிஃபயர் வழியாகச் சுற்றி வந்துதான் கூம்பைப் பிடித்து நிறுத்துகிறது. பாதையில் ஒயரும் இருக்கிறதே!

0.75 சதுர மி.மீ. செம்பு ஒயர் மீட்டருக்குச் சுமார் 0.023 ஓம். போக வர 20 மீட்டர் என்பதால் 0.46 ஓம். மொத்தம் 0.5, 8-ஐ வகுத்தால் 16. ஆம்ப்ளிஃபயரில் 200 இருந்தாலும் 2000 இருந்தாலும் இங்கே ஏறக்குறைய ஒன்றுதான். 2.5 சதுர மி.மீ. போட்டால் சுமார் 45.

ஆனால் 16 என்றதும் பதற வேண்டாம். வாய்ஸ் காயிலின் சொந்தத் தடையே சுமார் 6 ஓம், அதுவும் அதே சுற்றில்தான் இருக்கிறது. ஆக, மொத்தத் தடை 6.04-லிருந்து 6.5 ஆகிறது, கூம்பின் மீதான மின்பிடி 7 சதவீதம்போலத்தான் தளர்கிறது.

காதுக்குத் தெரியக்கூடியது வேறு. ஸ்பீக்கரின் மின்மறுப்பு பேஸ் பகுதியில் வரும் ஒத்ததிர்வில் 30 ஓமுக்கு ஏறி, வேறோர் அதிர்வெண்ணில் 4 ஓமுக்கு இறங்குகிறது என்று வையுங்கள். 0.5 ஓம் தடையில் முதல் இடத்தில் 0.14 டெசிபெல்தான் குறையும், மற்றதில் 1 டெசிபெல். அதனால் பேஸ் கொஞ்சம் தூக்கலாகக் கேட்கும். 2.5 சதுர மி.மீ. ஒயரில் இந்த வித்தியாசம் 0.3 டெசிபெல்லுக்கு வந்துவிடும். அதற்கு மேல் தடித்த ஒயருக்குச் செலவழிப்பது வீண்.